பிலிமில் தெரியும் ஜவ்வும் இடுப்பில் இருக்கும் வலியும்

இந்தச் சொற்பொழிவின் பொருள் ஒரு காகிதம். இடுப்புவலிக்காக எம்ஆர்ஐ எடுத்தவர் கையில், பெரிய பிலிம் கவருக்குள் மடித்து வைத்துக் கொடுக்கப்படும் இரண்டு பக்க அறிக்கை. அதில் ‘டிஸ்க் பல்ஜ்’, ‘டீஜெனரேஷன்’ என்ற சொற்கள் இருந்தால் அவற்றை எப்படி வாசிப்பது, அவை வலிக்குக் காரணமாக இருக்குமா, இல்லாமல் போகுமா என்பதே பேச்சு.

அந்த அறிக்கையை எழுதுபவர் கதிரியக்க மருத்துவர். பெரும்பாலும் அவர் நோயாளியைப் பார்த்திருக்க மாட்டார். வலி எந்தப் பக்கம், எப்போது தொடங்கியது, குனிந்தால் கூடுமா, நடந்தால் குறையுமா? இவை எதுவும் அவருக்குத் தெரியாது. பரிந்துரைச் சீட்டில் ‘இடுப்புவலி’ என்று ஒரே ஒரு சொல் இருக்கும். படத்தில் கண்ணுக்குத் தெரிவதை விடாமல் எழுதுவது அவர் வேலை. சின்னதாக ஒன்றை விட்டுவிட்டு, பின்னால் அதுவே பெரிதாகிவிட்டால் பழி அவர்மேல் வரும். அதனால் அறிக்கை நீளமாகவே இருக்கும். வீட்டை அளக்க வந்த சர்வேயர் சுவரில் உள்ள ஒவ்வொரு கீறலையும் குறித்துக்கொண்டு போவதைப் போன்றது அது. எந்தக் கீறல் வழியாக மழைத்தண்ணீர் ஒழுகுகிறது என்பதை அவர் குறிப்பதில்லை. வீட்டில் குடியிருப்பவரைக் கேட்டால்தான் அது தெரியும்.

ஓர் எடுத்துக்காட்டோடு தொடங்கலாம். பென்னாகரத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர், வயது 46, பெங்களூருவுக்குக் கட்டட வேலைக்குப் போய் வருபவர். ஆள் கற்பனை. ஆனால் அவர் கையில் இருக்கும் அறிக்கையின் வாசகங்கள் நாள்தோறும் அச்சாகி வெளிவருபவை. சிமெண்ட் மூட்டையைத் தூக்கும்போது அவருக்குக் குறுக்கு பிடித்துக்கொண்டது. மூன்று வாரமாக வலது பக்க இடுப்பில் வலி. புட்டம்வரை இறங்குகிறது, முழங்காலுக்குக் கீழே போவதில்லை. ஒகேனக்கலில் எண்ணெய் மாலிஷ் செய்து பார்த்தார். இரண்டு நாள் சுகமாக இருந்தது, மறுபடியும் வந்துவிட்டது. பிறகு ஸ்கேன். அறிக்கையில் மூன்று வரிகள். முதல் வரி: ‘முதுகின் இயல்பான வளைவு நேராகியுள்ளது, தசை இறுக்கமாக இருக்கலாம்.’ இரண்டாம் வரி: ‘எல்4-எல்5 மட்டத்தில் டிஃப்யூஸ் டிஸ்க் பல்ஜ், தீகல் சாக்கை அழுத்துகிறது, இடது பக்க நரம்புத் துளை லேசாகக் குறுகியுள்ளது.’ மூன்றாம் வரி: ‘எல்5-எஸ்1 மட்டத்தில் டிஸ்க் டெசிகேஷன்.’ வீட்டில் இதை எப்படிச் சொல்லிக்கொள்வார்கள்? “ஜவ்வு விலகிடுச்சு, தண்டுவடம் அமுங்கிக் கிடக்குது.” இந்த இரண்டு வாக்கியங்களும் அறிக்கையில் இல்லை. அறிக்கையைத் தாண்டி, பயம் எழுதிக்கொண்ட வாக்கியங்கள் அவை.

வரி வரியாக வாசிக்கலாம். முதலில் ‘வளைவு நேராகியுள்ளது’ என்பது. எம்ஆர்ஐ எந்திரத்துக்குள் ஆளை மல்லாக்கப் படுக்க வைத்து, வசதிக்காக முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை கொடுப்பார்கள். முழங்காலை மடித்துப் படுத்தாலே இடுப்பின் பள்ளம் தட்டையாகிவிடும். வலியில்லாத ஒருவரை அப்படிப் படுக்க வைத்தாலும் வளைவு குறைந்துதான் தெரியும். இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு எதையும் முடிவுசெய்ய இயலாது.

அடுத்தது ‘டெசிகேஷன்’. உலர்தல் என்பதுதான் அதன் பொருள். இரண்டு முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் வட்டைத்தான் ஊரில் ஜவ்வு என்கிறார்கள். வெளியே பல அடுக்கு நார்களால் ஆன வளையம், நடுவே நீர் நிறைந்த கொழகொழப்பான பகுதி. எம்ஆர்ஐயின் ஒருவகைப் படத்தில் நீர் வெள்ளையாகத் தெரியும். நீர் குறைந்த வட்டு கறுப்பாகத் தெரியும். ‘டிஸ்க் கறுத்துப்போச்சு’ என்று சிலர் அழுகிய பழத்தைச் சொல்வதுபோலச் சொல்வது இதைத்தான். அது அழுகல் இல்லை. நீர் வற்றியது, அவ்வளவே.

ஏன் வற்றுகிறது? பெரியவர்களின் வட்டுக்குள் ரத்தக்குழாய் பாய்வது மிகக் குறைவு. மேலும் கீழும் உள்ள எலும்பின் தகடு வழியாகக் கசிந்து வருவதுதான் அதன் சாப்பாடு. இந்தக் கசிவை மனிதர்களின் உடம்பிலேயே, சாயமருந்து செலுத்தித் தொடர்ச்சியாக எம்ஆர்ஐ எடுத்துப் பின்தொடர்ந்து காட்டியவர்கள் கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையில் மருத்துவர் எஸ். ராஜசேகரனும் அவர் குழுவினரும். 2004-இல் வெளிவந்த அந்த ஆய்வு முதுகெலும்பு ஆராய்ச்சியில் உலக அளவில் பரிசு பெற்றது. அந்தத் தகட்டின் தன்மை வயதோடு மாறுகிறது, வட்டின் ஊட்டமும் மாறுகிறது, நீர் குறைகிறது. நீர் குறைந்த வட்டு சற்றுச் சப்பையாகி விளிம்பு வெளியே தள்ளும். அந்தத் தள்ளல்தான் ‘பல்ஜ்’. வயதோடு வரும் இந்த மாற்றங்களுக்குப் பொதுப்பெயர்தான் ‘டீஜெனரேஷன்’.

இங்கே ஒரு சொல் நுணுக்கம் இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். வட்டின் சுற்றளவில் கால் பங்குக்கு மேல் பரவலாக, எல்லாப் பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் வெளியே வந்திருந்தால் அது ‘பல்ஜ்’. காற்றுக் குறைந்த வண்டி டயர் தரையில் பிதுங்கி நிற்பது போல. ஓரிடத்தில் மட்டும், கால் பங்குக்குக் குறைவான அளவில் முனைப்பாக வெளியே வந்தால் ‘புரோட்ரூஷன்’. உள்ளே இருக்கும் பொருள் வளையத்தைக் கிழித்து, கழுத்துக் குறுகித் தலை பெருத்து வெளியே வந்தால் ‘எக்ஸ்ட்ரூஷன்’. பின்னிரண்டையும்தான் மருத்துவர்கள் ‘ஹெர்னியேஷன்’ என்கிறார்கள். சர்வதேச முதுகெலும்பு அமைப்புகள் கூடி வகுத்த சொல்முறையில் பல்ஜ் ஹெர்னியேஷனே இல்லை. ஆனால் தமிழில் மூன்றுக்கும் ஒரே பெயர்: ஜவ்வு விலகல். மூன்று வேறு சங்கதிகளை ஒரே சொல்லில் கட்டிப்போட்டதால் வந்த குழப்பம் தர்மபுரி மாவட்டத்தில் மட்டுமல்ல, தமிழ்நாடு முழுக்க இருக்கிறது.

இனி ‘தீகல் சாக்கை அழுத்துகிறது’. தீகல் சாக் என்பது நீர் நிரம்பிய ஓர் உறை. வளர்ந்த மனிதரின் தண்டுவடம் பொதுவாக எல்1, எல்2 எலும்புகளின் அளவிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே உறைக்குள் தண்டுவடம் கிடையாது. குதிரைவால் முடிபோல நரம்பு இழைகள் நீரில் மிதக்கின்றன. எல்4-எல்5 மட்டத்தில் பல்ஜ் இருப்பவருக்குத் ‘தண்டுவடம் அமுங்கியிருக்கிறது’ என்று யாராவது சொன்னால், அந்த இடத்தில் அமுங்குவதற்குத் தண்டுவடமே இல்லை. உறையின் முன்சுவரில் லேசாக ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது. தண்ணீர் நிரம்பிய பையை விரலால் தொட்டால் விழும் பள்ளம். உள்ளே இருக்கும் நரம்பு ஒதுங்கிக்கொள்ள இடம் இருக்கிறதா இல்லையா என்பதே கேள்வி. அதற்கு ‘நரம்பு இடம்பெயர்ந்துள்ளது’, ‘நரம்பு நசுங்கியுள்ளது’ என்று தனியாக வார்த்தைகள் உண்டு. அவை அறிக்கையில் இருக்கின்றனவா என்று தேடிப் பார்க்க வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகும் ஒரு கேள்வி நிற்கும். சரி, பல்ஜ் சின்னது, டெசிகேஷன் வயதுக்கோளாறு. ஆனாலும் வலியும் இருக்கிறது, பல்ஜும் இருக்கிறது, இரண்டும் சேர்ந்தே இருக்கின்றனவே? வலிக்கு அதுதானே காரணமாக இருக்க வேண்டும்?

இந்தக் கேள்விக்கு விடை காண ஒரே வழி, வலியே இல்லாதவர்களுக்கு ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது. எடுத்தும் பார்த்தார்கள். 1994-இல் அமெரிக்காவில் முதுகுவலி இல்லாத 98 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்தபோது, 52 சதவீதம் பேருக்குக் குறைந்தது ஒரு மட்டத்திலாவது பல்ஜ் இருந்தது. 27 சதவீதம் பேருக்குப் புரோட்ரூஷன் இருந்தது. எல்லா வட்டுகளும் இயல்பாக இருந்தவர்கள் 36 சதவீதம் பேர்தான். 2015-இல் இத்தகைய 33 ஆய்வுகளைத் திரட்டி, வலியில்லாத 3,110 பேரின் படங்களை வயதுவாரியாகப் பார்த்தார்கள். 20 வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கு டீஜெனரேஷன். 50 வயதில் 80 சதவீதம். 80 வயதில் 96 சதவீதம். பல்ஜ் மட்டும் எடுத்துக்கொண்டால் 20 வயதில் 30 சதவீதம், 50 வயதில் 60 சதவீதம். வலி இருந்தவர்களின் கணக்கல்ல இது; அத்தனை பேரும் வலியில்லாமல் நடமாடிக்கொண்டிருந்தவர்கள்!

இந்தக் கணக்கை பென்னாகரம் பேருந்து நிலையத்தில் பொருத்திப் பார்க்கலாம். காலை பேருந்துக்கு நிற்கிற, இடுப்பு நோகாத 50 வயதுக்காரர்கள் பத்துப் பேரைக் கூட்டிப்போய்ப் படம் எடுத்தால், சுமார் எட்டுப் பேர் அறிக்கையில் ‘டீஜெனரேஷன்’ என்று வரும். எட்டுப் பேரும் அன்றைக்கு வேலைக்குப் போவார்கள். நிஜத்தில் யாரும் படம் எடுக்காததால் அவர்களுக்கு அது தெரியாது. மாதம் ஒன்று கழிந்து அவர்களில் ஒருவருக்கு மூட்டை தூக்கி இடுப்பு பிடித்து, அப்போது எம்ஆர்ஐ எடுத்தால்? பல வருடமாகப் பேசாமல் கிடந்த டீஜெனரேஷன்மேல் பழி விழும்.

ஆனால் இதை மறுபக்கமும் இழுத்துவிடக் கூடாது. பல்ஜுக்கும் வலிக்கும் சம்பந்தமே இல்லை என்பதும் தவறு. 50 வயதுக்கு உட்பட்டவர்களில் வலி உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் ஒப்பிட்டபோது, டீஜெனரேஷனும் பல்ஜும் புரோட்ரூஷனும் வலி உள்ளவர்களிடம் கூடுதலாகவே இருந்தன. கூட்டமாகப் பார்த்தால் சம்பந்தம் உண்டு. ஒற்றை ஆளை எதிரில் நிறுத்தி, ‘உன் வலிக்கு இதுதான் காரணம்’ என்று சொல்ல அந்தச் சம்பந்தம் போதாது.

இன்னொரு சோதனை, இதைவிடச் சுவையானது. அமெரிக்காவில் 63 வயதுப் பெண் ஒருவர், முதுகுவலியும் கால்வலியும் உள்ளவர், மூன்று வாரத்துக்குள் பத்து வெவ்வேறு ஸ்கேன் மையங்களில் எம்ஆர்ஐ எடுத்தார். ஆய்வு 2017-இல் வெளியானது. ஒரே முதுகு, ஒரே மாதம், பத்து அறிக்கைகள். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் 49 விதமான கண்டுபிடிப்புகள். பத்து அறிக்கைகளிலும் பொதுவாக இருந்த கண்டுபிடிப்பு எத்தனை? ஒன்றுகூட இல்லை! மூன்றில் ஒரு பங்குக் கண்டுபிடிப்புகள் ஒரே ஒரு அறிக்கையில் மட்டும் இருந்தன. மருத்துவர்கள் பொய் எழுதினார்கள் என்பதல்ல இதன் பொருள். எதை ‘லேசான’ என்பது, எதை ‘மிதமான’ என்பது, எதை எழுதாமல் விடுவது என்பதில் ஒருவர் கண் ஒன்றைப் பார்க்கிறது, இன்னொருவர் கண் வேறொன்றைப் பார்க்கிறது. தர்மபுரியில் எடுத்த அறிக்கையில் ‘லேசான பல்ஜ்’ என்றும், நான்கு மாதம் கழித்து சேலத்தில் எடுத்ததில் ‘மிதமான பல்ஜ்’ என்றும் இருந்தால், நோய் முற்றிவிட்டது என்று முடிவுகட்டுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் அறிக்கை எப்போதுதான் வலியை விளக்கும்? பொருத்தம் இருக்கும்போது. கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்ப்பவர்களுக்கு இதைப் புரியவைப்பது கடினமல்ல. படத்தில் தெரியும் இடம், அங்கே ஓடும் நரம்பு, அந்த நரம்பு போய்ச் சேரும் காலின் பகுதி. மூன்றும் ஒரே கோட்டில் அமைய வேண்டும். இடது வலது மாறக் கூடாது.

நரம்பின் பாதை தெரிந்தால் யாரும் இதைச் சரிபார்க்கலாம். எல்4-எல்5 வட்டு ஓரிடத்தில் முனைப்பாகப் பின்பக்கம் தள்ளினால் வழக்கமாகச் சிக்குவது எல்5 நரம்பு. அதன் வலி புட்டத்திலிருந்து தொடையின் பக்கவாட்டில் இறங்கி, முழங்காலுக்குக் கீழே கெண்டைக்காலின் வெளிப்புறம், பாதத்தின் மேல்பக்கம், கட்டைவிரல்வரை போகும். கட்டைவிரலை மேலே தூக்கும் பலம் குறையும். எல்5-எஸ்1 வட்டு தள்ளினால் எஸ்1 நரம்பு. வலி காலின் பின்புறம், குதிகால், பாதத்தின் வெளி ஓரம், சுண்டுவிரல் பக்கம். குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நிற்கச் சிரமப்படும். குதிகால் தசைநாரில் சுத்தியலால் தட்டினால் பாதம் துள்ளாது. மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்காலை மடக்காமல் காலைத் தூக்கினால், பாதி உயரம் போகும் முன்பே மின்னல் வெட்டினாற்போல முழங்காலுக்குக் கீழே வலி பாயும். இடுப்பில் மட்டும் இழுத்தால் அது கணக்கில் சேராது.

இப்போது கட்டட வேலைக்காரர் அறிக்கைக்குத் திரும்பலாம். குறுகலான நரம்புத் துளை இடது பக்கம். வலி வலது பக்கம். பொருந்தவில்லை. எல்4-எல்5 இடது துளை வழியே வெளியேறுவது எல்4 நரம்பு. அது சிக்கியிருந்தால் தொடையின் முன்புறம், முழங்கால், கெண்டையின் உட்புறத்தில் வலி இருக்க வேண்டும். இல்லை. வலி புட்டத்தோடு நின்றுவிடுகிறது. காலை எண்பது பாகை உயரம் தூக்கியும் கால்வலி இல்லை. கட்டைவிரலில் பலம் உண்டு, நுனிக்காலில் நிற்கிறார், சுத்தியல் தட்டினால் பாதம் துள்ளுகிறது. அப்படியானால் அறிக்கையில் உள்ள மூன்று வரிகளும் உண்மை. அவற்றில் ஒன்றும் அவருடைய வலியைப் பற்றியதல்ல. மூட்டை தூக்கும்போது இழுபட்ட தசை, இணைப்பு நார், முதுகெலும்பின் பின்புறச் சிறு மூட்டுகள் ஆகியவற்றில் எதுவோ ஒன்று. அது எதுவென்று எந்த ஸ்கேனும் உறுதியாகக் காட்டாது. இது சொல்லவும் கேட்கவும் சங்கடமான உண்மை. ஆனால் இத்தகைய வலி பெரும்பாலும் ஆறு வாரத்துக்குள் நன்றாகத் தணிந்துவிடும். அதனால்தான் அபாய அறிகுறி இல்லாத இடுப்புவலிக்கு முதல் ஆறு வாரத்தில் ஸ்கேன் வேண்டாம் என்று மருத்துவ வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன.

இன்னொருவரைப் பக்கத்தில் நிறுத்தலாம். 38 வயதுத் தையல்காரப் பெண். அவர் அறிக்கையில் அதே எல்4-எல்5. ஆனால் ‘இடது பக்கம் புரோட்ரூஷன், எல்5 நரம்பு இடம்பெயர்ந்துள்ளது’ என்று இருக்கிறது. வலி இடது கெண்டையின் வெளிப்புறம் வழியே கட்டைவிரல்வரை. இருமினால் சுரீர் என்கிறது. காலை நாற்பது பாகை தூக்கும்போதே அலறுகிறார். இடது கட்டைவிரல் பலம் குறைந்திருக்கிறது. இங்கே பொருத்தம் எல்லாக் கட்டத்திலும் உண்டு. படம் வலியை விளக்குகிறது. இவருக்கும் உடனே கத்தி என்பதல்ல. வெளியே தள்ளிய பொருளை உடம்பே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொள்வது பலருக்கு நடக்கிறது. வியப்பு என்னவென்றால், கிழிந்து பெரிதாக வெளியே வந்தவைதான் லேசான பல்ஜைவிட நன்றாகச் சுருங்குகின்றன. பலக்குறைவு கூடிக்கொண்டே போனாலோ, பல வாரச் சிகிச்சைக்கும் கால்வலி அடங்காவிட்டாலோ அறுவைச் சிகிச்சைப் பேச்சு வரும்.

சொல் மட்டும் மனிதரை நோயாளி ஆக்குமா? இந்தக் கேள்வியை நேராகச் சோதித்தவர்கள் தமிழ்நாட்டிலேயே இருக்கிறார்கள். மேலே சொன்ன அதே கங்கா மருத்துவமனைக் குழு. இடுப்புவலியோடு வந்த 44 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டு பிரிவாக்கினார்கள். இரு பிரிவினருக்கும் வலியின் அளவு தொடக்கத்தில் ஒத்தே இருந்தது. ஒரு பிரிவினருக்கு எம்ஆர்ஐ அறிக்கையில் உள்ளதை உள்ளபடி விளக்கினார்கள்: இங்கே டீஜெனரேஷன், இங்கே பல்ஜ் என்று. மற்றப் பிரிவினருக்குப் படத்தில் தெரிவது இயல்பான மாற்றங்கள்தான் என்று தைரியம் சொன்னார்கள். ஆறு வாரம் கழித்துப் பார்த்தால், அறிக்கை முழுவதையும் கேட்டவர்கள் தம் முதுகைப் பற்றி மோசமாக எண்ணினார்கள், பயம் கூடியிருந்தது, வலி குறைந்ததும் குறைவு, வேலை செய்யும் திறனும் குறைவு. வித்தியாசம் அவர்கள் காதில் விழுந்த சொற்களில்தான் இருந்தது. 2021-இல் ஐரோப்பிய முதுகெலும்பு இதழில் வந்த ஆய்வு இது.

அதே ஆய்வின் அடுத்த பகுதி மருத்துவர்களுக்கே கொஞ்சம் உறைக்கும். 20 பேரின் படங்களுக்கு இரண்டு விதமாக அறிக்கை எழுதினார்கள். ஒன்று வழக்கமான முறை. மற்றது பயமுறுத்தும் சொற்களைத் தவிர்த்து, நோயாளியின் நிலைக்கு எது பொருந்துமோ அதை மட்டும் சொல்லும் முறை. எது எந்த முறை என்று தெரிவிக்காமல் மருத்துவத் துறையின் நான்கு பிரிவினரிடம் வாசிக்கக் கொடுத்தார்கள். வழக்கமான அறிக்கையை வாசித்தபோது அவர்களில் மூன்று பிரிவினர் நோயைக் கடுமையாக மதிப்பிட்டார்கள், கடுமையான சிகிச்சை பக்கமும் அறுவை பக்கமும் சாய்ந்தார்கள். பயம் நோயாளிக்கு மட்டுமல்ல, சீட்டு எழுதுபவருக்கும் தொற்றுகிறது.

தர்மபுரி மாவட்டத்தில் இந்தப் பேச்சை இங்கே நிறுத்த முடியாது. இந்த மண்ணுக்கென்று ஒரு சங்கதி உண்டு. அது தண்ணீரில் இருக்கும் புளோரைடு. 1937-ஆம் ஆண்டிலேயே அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் பகுதியில் புளோரைடு எலும்பை எப்படிக் கெடுக்கிறது என்று மருத்துவர்கள் எழுதிவைத்தார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் பல இடங்களில் அளவுக்கு மேல் புளோரைடு உண்டு. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது வரம்பு. அதனால்தான் காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே புளோரைடு பாதிப்பைக் குறைப்பது என்ற நோக்கமும் சேர்ந்திருக்கிறது. 2013-இல் அது பயன்பாட்டுக்கு வந்தது. ஆனால் அதற்கு முன் பல வருடம் போர்வெல் தண்ணீர் குடித்தவர்களின் எலும்பில் படிந்தது ஒரே நாளில் போய்விடாது.

எலும்புப் புளோரோசிஸ் உள்ளவருக்கு முதுகு எப்படி இருக்கும்? ஓரிடத்தில் குத்தும் வலியாக இருக்காது. முதுகு முழுவதும் விறைப்பு. குனிந்து கால்விரலைத் தொட முடியாது, குந்த முடியாது, கழுத்தைத் திருப்ப உடம்பையே திருப்ப வேண்டியிருக்கும். சின்ன வயதிலிருந்து அந்தத் தண்ணீர் குடித்தவர் பல்லில் மஞ்சளும் பழுப்புமாகத் திட்டுகள் இருக்கும். இவர் 55 வயதில் இடுப்புக்கு எம்ஆர்ஐ எடுத்தால், வயதின் காரணமாக அறிக்கையில் பல்ஜ் எப்படியும் வரும். எல்லார் கண்ணும் பல்ஜில் போய் நிற்கும். இணைப்பு நார்கள் தடித்துச் சுண்ணாம்பாகி இருப்பது ஒரு வரியில் ஒதுங்கிவிடும். எளிய எக்ஸ்ரேயில் எலும்பு வழக்கத்தைவிட வெள்ளையாக, அடர்த்தியாகத் தெரிவதும், முன்கையின் இரண்டு எலும்புகளுக்கு நடுவிலுள்ள சவ்வு சுண்ணாம்பாகியிருப்பதும் உண்மையைக் காட்டிக்கொடுக்கும். சிறுநீரிலும் வீட்டுத் தண்ணீரிலும் புளோரைடு அளவைப் பார்க்கலாம்.

இதில் ஒரு பொறியும் உண்டு. தடித்த நார் கழுத்திலோ மார்புப் பகுதியிலோ தண்டுவடத்தை நெரிக்கலாம். அங்கே தண்டுவடம் உண்மையாகவே இருக்கிறது. அப்படி நெரித்தால் கால்கள் விறைத்து, நடை தடுமாறும். செருப்பு காலிலிருந்து நழுவுவதே தெரியாது. இடுப்புக்கு மட்டும் எடுத்த எம்ஆர்ஐயில் கழுத்து வராது. ஆகவே இடுப்புப் படம் ‘வெறும் பல்ஜ்’ என்று சொன்னாலும், நடை மாறியிருப்பவருக்கு முதுகு முழுவதையும் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

பல்ஜுக்குப் பயப்பட வேண்டாம் என்பதால் அறிக்கையில் உள்ள எதற்கும் பயப்பட வேண்டாம் என்று ஆகாது. ‘எலும்பு மஜ்ஜையில் மாற்றம்’, ‘பக்கத்துப் பக்கத்து இரண்டு எலும்புகளின் தகடு அரிப்பு’, ‘சீழ்க்கட்டி’, ‘எலும்பு நொறுங்கல்’ என்ற வரிகள் இருந்தால், அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். மாலைக் காய்ச்சல், எடைக்குறைவு, இரவில் படுத்தும் தணியாத வலி ஆகியவற்றோடு அவை சேர்ந்தால் முதுகெலும்புக் காசநோயை நினைக்க வேண்டும். இந்தியாவில் அது அரிதல்ல. சிறுநீர் கழிக்க முடியாமல் போவது, மலம் தெரியாமல் போவது, குதிரைச் சேணத்தில் உட்கார்ந்தால் படும் இடம் மரத்துப்போவது என்றால் அறிக்கைக்கே காத்திருக்கக் கூடாது. குதிரைவால் நரம்புக் கொத்து நசுங்கியிருக்கலாம். மணிக்கணக்கில் முடிவெடுக்க வேண்டிய அவசரம் அது.

அறிக்கையோடு மருத்துவர் முன் உட்காரும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “இதில் உள்ள எந்த வரி என் வலியோடு பொருந்துகிறது, எது பொருந்தவில்லை?” காலைத் தூக்கிப் பார்க்காமல், கட்டைவிரலின் பலத்தைச் சோதிக்காமல், படத்தை மட்டும் வெளிச்சத்தில் காட்டி இதற்குப் பதில் சொல்ல யாராலும் முடியாது. இந்தப் பரிசோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். எம்ஆர்ஐக்கு ஆகும் ஆயிரக்கணக்கான ரூபாயோடு ஒப்பிட்டால் செலவே இல்லை.

வலி போன பிறகு ‘ஜவ்வு உள்ளே போய்விட்டதா’ என்று பார்க்க மறுபடியும் ஸ்கேன் எடுக்கலாமா? பலர் எடுக்கிறார்கள். நெதர்லாந்தில் ஹெர்னியேஷனால் கால்வலி வந்தவர்களுக்கு, சிகிச்சை தொடங்கி ஓராண்டு கழித்து மறு எம்ஆர்ஐ எடுத்தார்கள். 2013-இல் முடிவு வந்தது. நன்றாகக் குணமானவர்களில் 35 சதவீதம் பேருக்குப் படத்தில் ஹெர்னியேஷன் அப்படியே தெரிந்தது. குணமாகாதவர்களில் 33 சதவீதம் பேருக்குத் தெரிந்தது. படத்தைப் பார்த்து யார் குணமானவர், யார் ஆகாதவர் என்று பிரிக்க முடியவில்லை. கட்டட வேலைக்காரர் ஆறு வாரத்தில் வேலைக்குத் திரும்பியிருந்தால், அவருடைய பல்ஜ் அனேகமாக அதே இடத்தில் இருக்கும். பிலிம் கவரை வீட்டில் பத்திரமாக வைத்தால் போதும். பின்னொரு நாள் கால் பலமிழந்தோ, காய்ச்சலோடு வலி வந்தோ புதிதாகப் படம் எடுக்க நேர்ந்தால், பழையதைப் பக்கத்தில் வைத்து எது அப்போதே இருந்தது, எது புதிது என்று பிரிக்க அது உதவும்.